முடிவுரை சொதப்பினால் எங்கே பார்ப்பது: சிறு கட்டுரைக்கான பிழை நீக்கும் வழிமுறை

இது இளங்கலை மாணவர்கள் இன்டர்னலுக்கு எழுதும் 800, 1000 சொல் கட்டுரைகளுக்கானது. ஆய்வேட்டுக்கு இது பொருந்தாது. தேர்வில் பத்து மார்க் விடைக்கும் இவ்வளவு தேவையில்லை, அங்கே நேரமும் இருக்காது. ஜூனியர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தரும்போது முடிவுரையில் திரும்பத் திரும்ப அதே நான்கைந்து கோளாறுகள்தான் வருகின்றன, ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் கட்டுரையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலில் இருக்கும், ஒரு மாலைப் பொழுதை விழுங்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

உதாரணம் முழுக்க ஒரே கட்டுரைதான். வரலாற்றுத் துறையில் அடிக்கடி வரும் கேள்வி: "1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை உத்தரவு எந்த அளவுக்குக் காரணம்?" மாணவரின் கட்டுரையில் நடுப்பகுதி மூன்று பாரா என்று வைத்துக்கொள்வோம். முதல் பாராவில் உத்தரவு: 1805 இறுதியில் சென்னைப் படைத் தலைமை சிப்பாய்களுக்குத் தோல் சேர்த்த புதிய தலைப்பாகையைக் கொண்டுவந்தது, நெற்றிச் சின்னமும் கடுக்கனும் கூடாது என்றது, தாடி மீசைக்கும் விதி வைத்தது; 1806 மே மாதத்தில் வேலூரில் தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. இரண்டாம் பாராவில் அரண்மனை: திப்புவின் குடும்பம் அதே கோட்டைக்குள் காவலில் இருந்தது, ஜூலை 10-ஆம் தேதி கிளர்ச்சியில் திப்புவின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. மூன்றாம் பாராவில் ஹைதராபாத்: அதே ஆண்டு அங்கிருந்த கம்பெனிப் படையிலும் தலைப்பாகைக்கு எதிர்ப்பு கிளம்பியது, ஆனால் வேலூர் மாதிரி கோட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போகவில்லை.

இந்த மூன்று பாராவுக்கு எப்படி முடிவுரை எழுதினால் எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

## அறிகுறி: முன்னுரையும் முடிவுரையும் ஒரே மாதிரி இருக்கின்றன

சோதனை எளிது. இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் படியுங்கள், அல்லது பக்கத்து அறை நண்பரிடம் எது முன்னுரை என்று சொல்லாமல் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் கோளாறு உறுதி.

முதல் காரணம்: முன்னுரையைப் பார்த்துக்கொண்டே எழுதியது. பெரும்பாலும் இதுதான். "முன்னுரையில் சொன்னதை மீண்டும் சொல்" என்று பள்ளியில் பழகிய பழக்கம், அதனால் மேலே ஸ்க்ரோல் செய்து அதே வாக்கியத்தைச் சொல் மாற்றி எழுதிவிடுகிறோம். முன்னுரையை மறைத்துவிட்டு, கடைசி நடுப்பாராவின் கடைசி வாக்கியத்தைப் படித்து, அங்கிருந்து தொடங்குங்கள். நம் கட்டுரையில் முன்னுரை "தலைப்பாகை உத்தரவே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது" என்றிருக்கும். முடிவுரை "ஹைதராபாத்தில் அதே உத்தரவுக்கு அதே கோபம் வந்தும் அங்கே கோட்டை விழவில்லை" என்று தொடங்கினால் அது முன்னுரை இடத்தில் உட்காரவே உட்காராது, ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள நடுவில் உள்ள மூன்று பாராவையும் படித்திருக்க வேண்டும்.

இரண்டாம் காரணம்: பாராவுக்கு ஒரு வாக்கியம் என்று சுருக்கியது. "முதலில் உத்தரவைப் பார்த்தோம், பிறகு அரண்மனையைப் பார்த்தோம், இறுதியாக ஹைதராபாத்தைப் பார்த்தோம்." 800 சொல் கட்டுரையில் இது வீண், படிப்பவர் மூன்று நிமிடம் முன்புதான் அதையெல்லாம் படித்தார். "பார்த்தோம்" என்பதை எடுத்துவிட்டு அந்தப் பாரா எதை நிறுவியது என்பதை மட்டும் வையுங்கள். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒன்றோடொன்று முட்ட விட முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் காரணம், செலவு அதிகம்: நடுப்பகுதி வாதமே செய்யவில்லை. ஒவ்வொரு நடுப்பாராவுக்கும் எதிரே ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். "உத்தரவு வந்தது", "திப்புவின் மகன்கள் கோட்டையில் இருந்தார்கள்", "ஹைதராபாத்திலும் எதிர்ப்பு" என்று வெறும் நிகழ்வுகளாக வந்தால், முடிவுரைக்குச் சேகரிக்க அங்கே எதுவும் இல்லை. அதனால்தான் முன்னுரையிடம் கடன் வாங்குகிறது. முடிவுரையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாராவின் கடைசியிலும் "இதனால் கேள்விக்கு என்ன ஆகிறது" என்பதற்கு ஒரு வாக்கியம் சேருங்கள். உதாரணமாக இரண்டாம் பாராவின் கடைசியில், "கொடி கிளர்ச்சிக்கு ஒரு தலைமையைத் தேடியதைக் காட்டுகிறது, ஆனால் மே மாதக் கோபத்தை அது விளக்கவில்லை". இப்படி மூன்று வாக்கியம் கிடைத்தால் முடிவுரை பாதி எழுதியாயிற்று.

## அறிகுறி: "இது எங்கிருந்து வந்தது?" என்று ஓரத்தில் சிவப்பு மை

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முடிவுரையில் புதிய விஷயம் நுழைந்துவிட்டது. மாணவர்களுக்கு இது புரிவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது புதிதாகத் தெரிவதில்லை. குறிப்பெடுத்த நோட்டில் இருந்தது, மனதில் இருந்தது, தாளில் மட்டும் இல்லை.

வேலூர்க் கட்டுரைக்கு வரும் வழக்கமான முடிவுரை இப்படி இருக்கும்:

> இவ்வாறு வேலூர்க் கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தன. தலைப்பாகை உத்தரவு முக்கியமானது. சிப்பாய்களின் குறைந்த சம்பளமும் ஒரு காரணமாகும். கிளர்ச்சிக்குப் பிறகு ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத் தலைவர் ஜான் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். 1857 பெரும் கிளர்ச்சிக்கு வேலூரே முன்னோடி. ஆகவே வேலூர் இந்திய விடுதலை வரலாற்றின் பொன்னேடாகும்.

ஆறு வாக்கியம். உண்மையைப் பொறுத்தவரை பெரிய தவறு எதுவும் இல்லை, பென்டிங்கும் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டது சரிதான். ஆனால் பாதிக்கு மேல் நடுப்பகுதியில் இல்லாதவை.

சோதனை ஒன்று. முடிவுரையில் உள்ள ஒவ்வொரு ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் நடுப்பகுதியில் தேடுங்கள், கணினியில் என்றால் `Ctrl+F` போதும். கிடைக்காதது புதியது. இங்கே பென்டிங்க், கிராடக், 1857 மூன்றும் மாட்டிக்கொள்ளும்.

சோதனை இரண்டு. பெயரும் எண்ணும் இல்லாமல் ஒளிந்து வருவது முதல் சோதனையில் சிக்காது. சம்பளம் என்ற காரணம் அப்படித்தான் தப்பித்தது. "காரணம்", "ஏனெனில்", "மேலும்", "அதுமட்டுமல்லாமல்" வரும் இடங்களைப் பாருங்கள். "மேலும்" என்று முடிவுரையில் ஒரு வாக்கியம் தொடங்கினால் பத்துக்கு ஒன்பது முறை அது நடுப்பகுதியில் இருக்க வேண்டிய வாக்கியம்.

புதியது என்று தெரிந்துவிட்டால் மூன்று வழி உண்டு, மலிவானதிலிருந்து போங்கள்.

அந்த வாக்கியத்தை எடுத்தால் கேள்விக்கான பதில் மாறுகிறதா? மாறவில்லை என்றால் அழித்துவிடுங்கள். பென்டிங்க், கிராடக் வாக்கியம் இப்படித்தான் போகும். கேள்வி காரணத்தைப் பற்றியது, அந்த வாக்கியம் விளைவைச் சொல்கிறது. கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்த தகவல் என்பதால் மனம் வராது, தெரியும். அழிக்க மனமில்லை என்றால் வேறு கோப்பில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள், அடுத்த அசைன்மென்ட்டுக்கு ஆகும்.

மாறுகிறது என்றால் நடுப்பகுதிக்குக் கொண்டு போங்கள். சம்பளம் உண்மையிலேயே உங்கள் வாதத்துக்கு வேண்டும் என்றால் அதற்குச் சான்றோடு சேர்த்து இடம் வேண்டும், அப்படியென்றால் குறைந்தது நாலைந்து வாக்கியம். அதற்குச் சொல் எண்ணிக்கை இடம் தராது என்றால் முந்தைய வழிக்குத் திரும்பி அழித்துவிடுங்கள். அரை வாக்கியமாக ஒட்டி வைப்பது மட்டும் வேண்டாம். படிப்பவர் அதற்குச் சான்று கேட்பார், உங்களிடம் மிச்சம் இருப்பது இரண்டு வரிதான்.

அந்தப் புதிய விஷயம் கட்டுரையைவிடச் சிறப்பாக இருக்கிறது என்றால்தான் சிக்கல். எழுதி முடிக்கும் நேரத்தில்தான் சில சமயம் நல்ல யோசனை வரும். அப்போது முடிவுரையைத் திருத்திப் பயனில்லை, அந்த யோசனையை முன்னுரைக்குக் கொண்டு போய் மூன்று பாராவையும் அதை நோக்கித் திருப்ப வேண்டும். இரண்டு நாள் கையில் இருந்தால் செய்யுங்கள், நாளைக் காலை சமர்ப்பிக்க வேண்டும் என்றால் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1857 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 1857-இல் போய்த்தான் முடிகின்றன, என்னவோ அங்கே போகாவிட்டால் மார்க் கிடைக்காது என்பது போல. வேலூருக்கும் 1857-க்கும் உள்ள தொடர்பு விவாதிக்கத் தக்கதுதான். ஆனால் அது தனிக் கேள்வி, இரண்டுக்கும் இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது, அதை ஒரே வாக்கியத்தில் தாண்ட முடியாது.

ஒரு சந்தேகம் பலருக்கு வரும்: அப்படியானால் முடிவுரையில் முன்பு சொல்லாத வாக்கியமே வரக்கூடாதா? வரலாம். நடுப்பகுதியில் உள்ள இரண்டு செய்திகளைச் சேர்த்தால் தானாக வந்து விழும் முடிவு புதிய விஷயம் ஆகாது. வேலூரிலும் ஹைதராபாத்திலும் உத்தரவு ஒன்று, விளைவு வேறு என்று மூன்றாம் பாராவில் இருக்கிறது. வேலூர் கோட்டையில் திப்பு குடும்பம் இருந்தது என்று இரண்டாம் பாராவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து "கோபம் பொதுவானது, அது கிளர்ச்சியாக முற்றியது வேலூரின் சூழலால்" என்று முடிவுரையில் சொன்னால் அந்த வாக்கியம் புதியது, ஆனால் அதற்குத் தனியாகச் சான்று கேட்க யாருக்கும் தோன்றாது. புதிய சான்று கேட்க வைத்தால் அது புதிய வாதம், கேட்க வைக்காவிட்டால் அது முடிவு. இந்த அளவுகோல் போதும்.

## அறிகுறி: முடிவுரை எதையும் தீர்க்கவில்லை

"இவ்வாறு பல காரணங்கள் இருந்தன", "இரண்டுமே முக்கியமானவை", "அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது". படித்து முடித்ததும் எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

முதலில் கேள்வியை மறுபடி படியுங்கள். "எந்த அளவுக்கு" என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் "காரணங்கள் யாவை" என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருக்கலாம். இது மிகச் சாதாரணமாக நடக்கும். கேள்வியில் உள்ள "எந்த அளவுக்கு", "மதிப்பிடுக", "உடன்படுகிறீர்களா" போன்ற சொல்லைத் தாளில் தனியாக எழுதி, முடிவுரையில் அதற்கு நேரான பதில் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதிச் சேர்த்தால் பாதிக் கோளாறு போய்விடும்.

அடுத்தது பயம். ஆசிரியருக்கு வேறு கருத்து இருந்தால் என்ன செய்வது என்று நடுவில் நிற்பது. இதற்கு ஒரு வாக்கிய அமைப்பு உதவும்: எதிர்த்தரப்புக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள், பிறகு உங்கள் தீர்ப்பு, பிறகு அதைத் தீர்மானித்த ஒரே ஒரு சான்று. "அரண்மனையின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்றாலும், சிப்பாய்களைத் திரட்டியது தலைப்பாகை உத்தரவே, திப்பு குடும்பம் இல்லாத ஹைதராபாத்திலும் அதே எதிர்ப்பு எழுந்தது இதைக் காட்டுகிறது." மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. வேறு கருத்து உள்ள ஆசிரியர்கூட இதற்கு மார்க் குறைக்க யோசிப்பார், தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்பது தெரிகிறதே.

சான்றுகள் உண்மையிலேயே இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்? இதற்குத்தான் நேரம் பிடிக்கும். "இரண்டும் சமம்" என்று எழுதாமல் இரண்டும் வெவ்வேறு வேலை செய்தனவா என்று நடுப்பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒன்று தூண்டியது, இன்னொன்று வடிவம் கொடுத்தது. ஒன்று ஏன் நடந்தது என்பதை விளக்குகிறது, இன்னொன்று ஏன் இங்கே நடந்தது என்பதை விளக்குகிறது. நம் கட்டுரையில் ஹைதராபாத் சான்று இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதைக் கவனித்தீர்களா? அங்கே எதிர்ப்பு எழுந்தது என்பது தலைப்பாகைக்குச் சாதகம். அங்கே கோட்டை பிடிபடவில்லை என்பது அரண்மனைக்குச் சாதகம். ஆக "எந்த அளவுக்கு" என்ற கேள்விக்கு உண்மையான பதிலே அதற்குள் இருக்கிறது. இப்படிப் பிரித்தால் கிடைக்கும் முடிவுரை:

> ஹைதராபாத்தில் அதே உத்தரவு அதே கோபத்தைக் கிளப்பியும் அங்கே கோட்டை விழவில்லை. ஆகவே சிப்பாய்களின் கோபத்துக்குத் தலைப்பாகை உத்தரவே போதுமான விளக்கம். மே மாதக் கசையடிக்குப் பிறகு அந்தக் கோபம் தணிய வழியும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் வேலூரில் மட்டும் புலிக்கொடியின் கீழ் ஆயுதமாக மாறியதை உத்தரவு விளக்கவில்லை, அதைக் கோட்டைக்குள் இருந்த திப்பு குடும்பத்தின் இருப்புதான் விளக்குகிறது. உத்தரவு கிளர்ச்சிக்கான காரணம், அது வேலூரில் எடுத்த வடிவத்துக்கு அரண்மனை காரணம்.

முந்தைய முடிவுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கோடு சோதனை செய்தால் ஹைதராபாத், மே, புலிக்கொடி, திப்பு எல்லாம் நடுப்பகுதியில் இருக்கின்றன. ஐந்து வாக்கியம்தான், 800 சொல்லில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், இந்த அளவு கட்டுரைக்கு அதற்கு மேல் முடிவுரை நீண்டால் வேறு ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். "இவ்வாறு", "முடிவாகக் கூறின்" என்ற அறிவிப்புச் சொற்களும் இல்லை. இருந்தால் தவறில்லை, ஆனால் தீர்ப்பு தெளிவாக இருக்கும்போது அவற்றுக்கு வேலை இல்லை.

## அறிகுறி: கடைசி வாக்கியம் மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது

"பொன்னேடு", "என்றென்றும் நிலைத்திருக்கும்", "ஒவ்வொரு இந்தியனும் பெருமை கொள்ள வேண்டும்". கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கு இது அதிகம் வரும்.

கடைசி வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். அது கேள்வியைவிடப் பெரிதாக இருந்தால் அழித்துவிட்டு அதற்கு முந்தைய வாக்கியத்தில் நிறுத்துங்கள். கேள்வி ஒரு உத்தரவைப் பற்றியது, எழுவாய் "இந்திய வரலாறு" ஆகிவிட்டால் கை மீறிவிட்டது. பெரும்பாலும் அழித்தாலே போதும், முந்தைய வாக்கியம் கடைசி வாக்கியமாக நன்றாகவே நிற்கும்.

அழித்த பிறகு கட்டுரை அறுந்த மாதிரி தெரிந்தால் பழுது கடைசி வாக்கியத்தில் இல்லை, தீர்ப்பு இல்லாத குறையைத்தான் அந்த அலங்காரம் மூடி வைத்திருந்தது. மேலே "எதையும் தீர்க்கவில்லை" பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: முடிவுரை முன்னுரைக்கு எதிராகப் பேசுகிறது

முன்னுரை "தலைப்பாகை மட்டுமே காரணம்" என்கிறது, முடிவுரை "வடிவத்துக்கு அரண்மனை காரணம்" என்கிறது. பதறிப்போய் முடிவுரையைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். எழுத எழுத உங்கள் கருத்து கூர்மையாகியிருக்கிறது, பழையதாகிவிட்டது முன்னுரைதான். "மட்டுமே" என்பதை எடுத்துவிட்டு "உத்தரவு கோபத்தை விளக்குகிறது, வேலூரின் தனித்தன்மையை விளக்கவில்லை" என்று முன்னுரையின் கடைசி வாக்கியத்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாற்றிய பிறகும் ஏதாவது ஒரு நடுப்பாரா பழைய கருத்தையே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பாராவின் முதல், கடைசி வாக்கியங்களைத் திருத்த வேண்டும். இரண்டு பாராவுக்கு மேல் அப்படி இருந்தால் இனி நீங்களே தனியாக நோண்ட வேண்டாம்.

## ஆசிரியரிடம் எப்போது போவது

மூன்று நிலைமைகளில் போகலாம். கேள்வியின் சொல் என்ன கேட்கிறது என்று இரண்டு முறை படித்தும் புரியாதபோது. நடுப்பாராக்களில் இரண்டோ மூன்றோ முடிவுக்கு எதிராக இழுக்கும்போது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் சரியாக வந்தும் "முடிவுரை போதாது" என்று தாள் திரும்பி வந்தபோது. இந்தக் கடைசி நிலைமையில் துறைக்கென்று தனி எதிர்பார்ப்பு இருக்கலாம், சில ஆசிரியர்கள் முடிவுரையில் "மேலும் ஆராய வேண்டியவை" என்று ஒரு வரி கேட்பார்கள், அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்டார்கள் என்றால் தீர்ப்புக்குப் பிறகு ஒரே வாக்கியமாக, கேள்வி வடிவில் வையுங்கள், அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

போகும்போது முழுக் கட்டுரையை நீட்டி "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணுப்பா" என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் கேள்வி, ஒவ்வொரு நடுப்பாராவும் நிறுவுவது ஒரு வரியாக, கடைசியில் உங்கள் தீர்ப்பு ஒரு வாக்கியமாக எழுதிக்கொண்டு போய், "மேடம், இந்த மூணு வரியிலிருந்து இந்த முடிவு வருதா?" என்று கேளுங்கள். படிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகும், எந்த வரியில் இடைவெளி என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார்.

அதற்கும் நேரமில்லை, இன்றிரவுக்குள் அனுப்ப வேண்டும் என்றால் இரண்டே வேலை: அடிக்கோடு சோதனையில் மாட்டியதை அழிப்பது, கேள்விக்கு நேரான ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்து இல்லையென்றால் சேர்ப்பது. அந்த நேரத்தில் கருத்தை மட்டும் மாற்றாதீர்கள்.